மயக்கத்தில் இருப்பவரின் சர்க்கரை: ஐ.சி.யூ.வில் முதல் மாதம் வேலை பார்க்கும் செவிலியருக்கு

"வீட்டுல எங்கம்மாவுக்கு வெறும் வயித்துல 110 தாண்டினாலே டாக்டர் திட்டுவாரு. இங்க 165னு எழுதியிருக்கீங்க. இன்சுலினைக் கூட்டாம இருக்கீங்களே சிஸ்டர்?"

ஐ.சி.யூ. வாசலில் நிற்கும் மகனோ மகளோ இந்தக் கேள்வியை உங்களிடம் கட்டாயம் கேட்பார்கள். பதில் தெரிந்திருந்தால் அவர்களுக்கு நிம்மதி. அதைவிட, நள்ளிரவில் பம்பின் எண்ணை மாற்றும்போது உங்கள் கை தடுமாறாது.

இந்த அத்தியாயத்தில் வரும் சர்க்கரை அளவுகள் எல்லாம் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில் உள்ளவை. இங்கே சொல்லும் இன்சுலின் வேகங்கள் கணக்குப் புரிவதற்கான மாதிரிகள் மட்டுமே. உங்கள் பிரிவில் மருத்துவர் கையெழுத்திட்ட அட்டவணை எதுவோ, அதன்படியே பம்பை மாற்ற வேண்டும்.

## ஏன் 140 முதல் 180?

வீட்டில் இருக்கும் பெரும்பாலான சர்க்கரை நோயாளிகளுக்குச் சாப்பாட்டுக்கு முன் 80 முதல் 130 வரை இலக்கு. கண்ணும் சிறுநீரகமும் இன்னும் இருபது வருடம் தாங்க வேண்டும் என்பதற்காக வைத்த எண் அது. சர்க்கரை 65-க்கு இறங்கினால் அவருக்கே தெரியும்: கை நடுங்கும், வியர்க்கும், பசிக்கும். ஒரு வாய் சர்க்கரைத் தண்ணீர் குடித்துக்கொள்வார்.

வெண்டிலேட்டரில் மயக்க மருந்தோடு படுத்திருப்பவரால் இதில் எதையும் சொல்ல முடியாது. வியர்வையும் படபடப்பும் வந்தாலும் அதை நோயின் வேகம் என்றே நினைப்போம். இவருக்கான இலக்கு இருபது வருடத்தை நினைத்து வைப்பது அல்ல. அடுத்த சில நாட்களை நினைத்து வைப்பது. மேலே 180-ஐத் தாண்டினால் சர்க்கரை சிறுநீரில் வழிந்து, கூடவே தண்ணீரையும் உப்பையும் இழுத்துச் செல்லும். புண்ணில் தொற்றும் எளிதாகும். கீழே இறங்கினால், யாருக்கும் தெரியாமலே மூளை பட்டினி கிடக்கும். இரண்டு பள்ளங்களில் கீழே இருப்பதுதான் ஆழம். அதனால் அதிலிருந்து கூடுதலாகத் தள்ளி நிற்கிறோம்.

இந்த முடிவு உடனே வந்துவிடவில்லை. 2001-ல் பெல்ஜியத்தின் லூவன் நகரில், அறுவை சிகிச்சை ஐ.சி.யூ. ஒன்றில் சர்க்கரையை 80 முதல் 110-க்குள் இறுக்கிப் பிடித்தார்கள். ஐ.சி.யூ. மரணங்கள் 8 சதவீதத்திலிருந்து 4.6 சதவீதமாகக் குறைந்தன. உலகம் முழுவதும் பல ஐ.சி.யூ.க்கள் அதைப் பின்பற்றத் தொடங்கின. 2009-ல் வெளிவந்த 'நைஸ்-சுகர்' ஆய்வு நான்கு நாடுகளில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பார்த்தது. இறுக்கிப் பிடித்த குழுவில் 90 நாட்களுக்குள் இறந்தவர்கள் 27.5 சதவீதம், 180-க்குள் இருந்தால் போதும் என்று விட்ட குழுவில் 24.9 சதவீதம். சர்க்கரை 40-க்கோ அதற்குக் கீழோ விழுந்தவர்கள் முதல் குழுவில் 6.8 சதவீதம், இரண்டாவதில் 0.5 சதவீதம் மட்டுமே. அமெரிக்க நீரிழிவு சங்கம் இப்போது தீவிர நோயாளிகளில் பெரும்பாலோருக்கு 140 முதல் 180 என்றும், அறுவை சிகிச்சையை ஒட்டிய சில மணி நேரத்துக்கு 100 முதல் 180 என்றும் இலக்கு வைத்திருக்கிறது.

சர்க்கரை நோயே இல்லாதவருக்கும் ஐ.சி.யூ.வில் 220 வரலாம். உடல் அடிபடும்போது கார்ட்டிசோல், அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் கல்லீரலை உசுப்பிச் சர்க்கரையைக் கொட்ட வைக்கும். இன்சுலின் வேலை செய்யாமலும் தடுக்கும். நாம் ஏற்றும் நார்அட்ரினலினும் ஸ்டீராய்டும் அதே பக்கம்தான் தள்ளும். இது பழைய நோயா, புதிய நெருக்கடியா என்று பிரித்தறிய ஹெச்பிஏ1சி உதவும். ரத்தம் ஏற்றுவதற்கு முன் அந்த மாதிரியை எடுத்துவிடுங்கள். ஏற்றிய பிறகு வரும் எண்ணில் ஒரு பங்கு வேறொருவருடையது.

## படி 1: சரியான இடத்திலிருந்து ரத்தம் எடுத்தல்

தவறான இன்சுலினில் கணிசமானது தவறான ரத்த மாதிரியிலிருந்து தொடங்குகிறது.

1. நோயாளிக்கு ஆர்ட்டீரியல் லைன் இருந்தால் அதிலிருந்தே எடுங்கள். ஏபிஜி கருவியில் உடனே போடுங்கள்.
2. எடுப்பதற்கு முன் அந்த லைனின் பிரஷர் பையில் தொங்குவது நார்மல் சலைன்தானா என்று லேபிளை வாய்விட்டுப் படியுங்கள்.
3. குழாயில் தேங்கியிருக்கும் அளவைப் போல் குறைந்தது மூன்று மடங்கை இழுத்து ஒதுக்கிவிட்டு, அதற்குப் பிறகு வரும் ரத்தத்தை எடுங்கள்.
4. ஆர்ட்டீரியல் லைன் இல்லையென்றால், டிரிப் ஓடாத கையின் சிரையிலிருந்து எடுங்கள்.
5. ஆய்வகத்துக்கு அனுப்புவதானால் ஃப்ளோரைடு கலந்த சாம்பல் மூடிக் குழாயில் அனுப்புங்கள். சாதாரணக் குழாயில் வைத்தால் ரத்த அணுக்கள் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் சர்க்கரையைத் தின்றுவிடும்.
6. விரல் நுனி கடைசி வழி. ரத்த அழுத்தம் சரியாக இருந்து, கை வெதுவெதுப்பாகவும் வீக்கம் இல்லாமலும் இருந்தால் மட்டும் அதை நம்புங்கள்.

விரல் நுனி ஏன் ஏமாற்றும்? அழுத்தம் குறைந்து, நார்அட்ரினலின் ஓடும்போது விரலுக்கு ரத்தம் சரியாகப் போகாது. அங்கிருக்கும் சர்க்கரை உடலின் சர்க்கரை ஆகாது. இன்னொன்று ரத்தசோகை. ஹீமோகுளோபின் குறைந்தால் பல குளுக்கோமீட்டர்கள் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். அதை நம்பி இன்சுலினைக் கூட்டினால், நோயாளி நம் கண் முன்னாலேயே கீழே இறங்குவார்.

பிரஷர் பையில் டெக்ஸ்ட்ரோஸ்: சலைன் பையும் டெக்ஸ்ட்ரோஸ் பையும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். அவசரத்தில் மாற்றித் தொங்கவிட்டால் ஒவ்வொரு மாதிரியிலும் சர்க்கரை கூடுதலாகத் தெரியும். இன்சுலின் ஏறிக்கொண்டே போகும். உண்மையான சர்க்கரை பாதாளத்தில் இருக்கும். மூளை நிரந்தரமாகச் சேதமடைந்த நிகழ்வுகள் உண்டு. பிரிட்டனின் மயக்கவியல் மருத்துவர் சங்கம் இந்த ஒரே பிழைக்காக 2014-ல் தனி வழிகாட்டுதலே வெளியிட்டது.

> கண்டுபிடிக்க ஒரு வழி: சர்க்கரை திடீரென 400 என்று வந்தால் அதே ஏபிஜி தாளில் மற்ற எண்களைப் பாருங்கள். சோடியம், பொட்டாசியம், ஹீமோகுளோபின் மூன்றும் முந்தைய மாதிரியைவிடச் சேர்ந்தே இறங்கியிருந்தால் ரத்தத்தோடு டிரிப் தண்ணீர் கலந்திருக்கிறது. இன்சுலினைத் தொடாதீர்கள். வேறு இடத்திலிருந்து மறுபடி எடுங்கள்.

## படி 2: இன்சுலின் சிரிஞ்சைத் தயாரித்தல்

தீவிர நோயாளிக்குத் தோலடி ஊசி போட்டால், வீங்கிய, ரத்தம் ஓடாத தோலிலிருந்து அது எப்போது உள்ளே போகும் என்று சொல்ல முடியாது. சிரை வழி இன்சுலின் சில நிமிடங்களில் வேலையைத் தொடங்கும், நிறுத்தினால் சீக்கிரம் தீரும். அதனால்தான் சிரிஞ்ச் பம்ப்.

1. தெளிந்த ரெகுலர் இன்சுலின் மட்டும் எடுங்கள். கலங்கலான எதையும் பம்பில் போடக் கூடாது.
2. குப்பியின் லேபிளில் ஒரு மில்லிலிட்டருக்கு எத்தனை யூனிட் என்று படியுங்கள். நம் ஊரில் 40 யூனிட் குப்பியும் உண்டு, 100 யூனிட் குப்பியும் உண்டு.
3. 50 யூனிட் வேண்டும். 40 யூனிட் குப்பியானால் 1.25 மி.லி.; 100 யூனிட் குப்பியானால் 0.5 மி.லி.
4. 50 மி.லி. சிரிஞ்சில் அதை விட்டு, மொத்தம் 50 மி.லி. ஆகும் வரை நார்மல் சலைன் சேருங்கள். இப்போது 1 மி.லி. என்பது 1 யூனிட்.
5. இணைப்புக் குழாய் வழியாக 20 மி.லி. ஓடவிட்டுக் கொட்டிவிடுங்கள். பிறகு நோயாளியோடு இணையுங்கள்.
6. பெயர், அளவு, நேரம் எழுதி ஒட்டி, இன்னொரு செவிலியரிடம் குப்பியையும் சிரிஞ்சையும் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள்.

அதிகம் நடக்கும் பிழை: பழக்கத்தில் 1.25 மி.லி. இழுப்பது, ஆனால் குப்பி 100 யூனிட். சிரிஞ்சில் 50-க்குப் பதில் 125 யூனிட் போய்விடும். பம்ப் திரையில் 2 என்று இருக்கும். நோயாளிக்குள் மணிக்கு 5 போகும். இன்சுலின் சிரிஞ்சால் இழுப்பவர்கள் மூடியின் நிறத்தைப் பாருங்கள்: 40-க்குச் சிவப்பு, 100-க்கு ஆரஞ்சு. சிரிஞ்சும் குப்பியும் ஒரே ஜோடியாக இருக்க வேண்டும்.

20 மி.லி. கொட்டுவது வீணா? இன்சுலின் பிளாஸ்டிக் குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். குழாயை முன்பே நனைக்காவிட்டால் முதல் சில மணி நேரம் மருந்து பாதிதான் போகும். சர்க்கரை இறங்கவில்லையே என்று நீங்கள் வேகத்தைக் கூட்டுவீர்கள். சுவர் நிரம்பியதும், கூட்டிய வேகம் முழுதாக உள்ளே போகும்.

இன்னொரு எச்சரிக்கை: இன்சுலின் ஓடும் குழாயில் வேறு மருந்தைத் தள்ளாதீர்கள். குழாயில் இருக்கும் இன்சுலின் ஒரே மூச்சில் உள்ளே போய்விடும்.

## படி 3: மணிக்கு மணி பார்த்தல், ஒரு மாதிரி நோயாளியோடு

கணக்கை ஒரு கற்பனை நோயாளியை வைத்துப் பார்ப்போம். 58 வயது அம்மா, 12 வருடமாகச் சர்க்கரை. குடலில் ஓட்டை விழுந்து அவசர அறுவை சிகிச்சை. இரவு பத்தரைக்குத் தியேட்டரிலிருந்து வெண்டிலேட்டர், நார்அட்ரினலினோடு வருகிறார். ஹீமோகுளோபின் 7.8.

இரவு 11:00. விரலில் 238. கை சில்லென்று இருக்கிறது, வீக்கமும் உண்டு. ஆர்ட்டீரியல் லைனில் எடுத்தால் 204. வித்தியாசம் 34. விரல் எண்ணைத் தள்ளிவிட்டு 204 என்று எழுதுகிறோம். ஒரே ஒரு எண்ணை வைத்து இன்சுலின் தொடங்குவதில்லை.

12:00. 212. இரண்டாவது முறையும் 180-க்கு மேல். டியூட்டி டாக்டரிடம் சொல்கிறோம். பொட்டாசியம் 4.1 என்று பார்த்த பிறகே பம்ப் ஓடுகிறது, மணிக்கு 2 யூனிட். இன்சுலின் சர்க்கரையோடு பொட்டாசியத்தையும் செல்லுக்குள் தள்ளும். ஏற்கெனவே குறைவாக இருந்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகும்.

1:00. 196. ஒரு மணி நேரத்தில் 16 இறங்கியிருக்கிறது. இலக்கு வரவில்லை, ஆனால் போகும் வேகம் சரி. மாற்றவில்லை.

2:00. 171. இலக்குக்குள் வந்தாயிற்று. மாற்றவில்லை.

3:00. 149. இங்கேதான் புதியவர்கள் தவறுவார்கள். எண் இலக்குக்குள் இருக்கிறது, அதனால் பேசாமல் விட்டுவிடலாம் என்று தோன்றும். ஆனால் கடந்த இரண்டு மணி நேரமும் 20-க்கு மேல் இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. இதே வேகத்தில் போனால் நான்கு மணிக்கு 127, ஐந்து மணிக்கு 105. அட்டவணைப்படி 1 யூனிட்டாகக் குறைக்கிறோம்.

4:00. 144. 5:00. 151. நின்றுவிட்டது.

ஒவ்வொரு மணியும் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: இப்போது எவ்வளவு? போன மணியிலிருந்து எவ்வளவு மாறியது? இரண்டாவது கேள்விதான் பம்பின் வேகத்தைத் தீர்மானிக்கிறது. தொடர்ந்து சில மணி நேரம் எண்ணும் வேகமும் அசையாமல் இருந்தால், அட்டவணை அனுமதித்தபடி இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பார்க்கலாம். நார்அட்ரினலினோ ஸ்டீராய்டோ உணவோ மாறினால் மறுபடி மணிக்கு மணி.

## படி 4: உணவு நின்றால் இன்சுலினும் நிற்க வேண்டும்

அதே அம்மாவுக்கு மூன்றாம் நாள். ரைல்ஸ் டியூபில் மணிக்கு 50 மி.லி. உணவு, பம்பில் 3 யூனிட், பகல் 1 மணிக்குச் சர்க்கரை 158. 1:45-க்கு சி.டி. ஸ்கேனுக்குக் கிளம்பும்போது, வாந்தி ஏறிவிடக் கூடாதென்று உணவை நிறுத்தினார்கள். இன்சுலின் பம்ப் கட்டிலோடு சேர்ந்து போனது. ஸ்கேன் அறையில் காத்திருந்ததில் 2 மணி மாதிரியும் 3 மணி மாதிரியும் விட்டுப்போயின. 3:30-க்குத் திரும்பியதும் பார்த்தால் 52.

மானிட்டரில் ஏதாவது தெரிந்ததா? நாடித் துடிப்பு 112. காலையிலிருந்தே அப்படித்தான். கண் திறக்கவில்லை, மயக்க மருந்து ஓடுகிறது. மாதிரியைத் தவிர எந்த அறிகுறியும் இல்லை.

இதைத் தடுக்க ஒரு பழக்கம் போதும். உணவுப் பம்பின் நிறுத்தும் பொத்தானில் ஒரு கை போகும்போது, இன்னொரு கை இன்சுலின் பம்புக்குப் போக வேண்டும். இன்சுலினை நிறுத்தலாமா, அல்லது 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் தொடங்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டே கட்டில் நகரட்டும். டைப் 1 நோயாளியானால் இன்சுலினை முழுதாக நிறுத்தினால் கீட்டோன் ஏறும். அவருக்கு டெக்ஸ்ட்ரோஸோடு இன்சுலின் தொடர்வதே பாதுகாப்பு. உணவுக் குழாய் அடைத்துக்கொண்டாலும், குழாய் வெளியே வந்துவிட்டாலும் இதே விதிதான்.

## படி 5: 70-க்குக் கீழே இறங்கிவிட்டால்

1. இன்சுலின் பம்பை உடனே நிறுத்துங்கள். டாக்டர் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.
2. நிலையான உத்தரவுப்படி டெக்ஸ்ட்ரோஸ் கொடுங்கள். 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மி.லி. பாட்டிலில் 25 கிராம் சர்க்கரை இருக்கிறது. பெரிய சிரையில் அல்லது சென்ட்ரல் லைனில் போகட்டும். புறங்கைச் சிரையில் வெளியே கசிந்தால் தோல் வெந்துவிடும்.
3. 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றிய குழாயிலிருந்தோ அந்தக் கையிலிருந்தோ மாதிரி எடுக்காதீர்கள்.
4. இன்னும் 70-க்குக் கீழே இருந்தால் திரும்பக் கொடுங்கள், திரும்பப் பாருங்கள்.
5. காரணத்தைத் தேடுங்கள். உணவு நின்றதா? ஸ்டீராய்டை நிறுத்தினார்களா? சிறுநீர் குறைந்ததா? சிறுநீரகம் சோர்ந்தால் அதே இன்சுலின் கூடுதல் நேரம் உடலில் தங்கும்.
6. சர்க்கரை இலக்குக்குத் திரும்பி, உணவோ டெக்ஸ்ட்ரோஸோ ஓடத் தொடங்கிய பிறகே, டாக்டர் சொல்லும் குறைந்த வேகத்தில் பம்பைத் தொடங்குங்கள்.

நம் அம்மாவுக்கு 100 மி.லி. கொடுத்ததும் 3:50-க்கு 131. உணவு மறுபடி ஓடியது. உணவோடு இன்சுலினையும் நிறுத்த மறந்தது பிழை. அதைக் கண்டுபிடிக்காமல் இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் அது விபத்து.

> குறிப்பு: ஒருமுறை 52-ஐப் பார்த்துப் பயந்தவர்கள் அடுத்த நாள் முழுக்க 230-இலேயே விட்டுவிடுவதுண்டு. அதுவும் தவறுதான். காரணத்தைச் சரிசெய்தால் இலக்கு பழையபடி 140 முதல் 180.

## படி 6: பம்பிலிருந்து ஊசிக்கு மாற்றுதல்

அழுத்த மருந்துகள் நின்று, சாப்பாடு தொடங்கியதும் தோலடி இன்சுலினுக்கு மாறுவார்கள். பம்பை நிறுத்தியதும் சிரை இன்சுலினின் வேலை சீக்கிரம் தீர்ந்துவிடும். நீண்ட நேர இன்சுலினோ வேலை தொடங்க ஒன்றிரண்டு மணி நேரம் எடுக்கும். இடையில் காலி விட்டால் சர்க்கரை 300-ஐத் தொடும்.

1. நீண்ட நேர இன்சுலின் ஊசியை முதலில் போடுங்கள்.
2. பம்ப் அதன்பின் இரண்டு மணி நேரம் ஓடட்டும்.
3. பிறகு நிறுத்துங்கள். அன்று முழுக்கச் சாப்பாட்டுக்கு முன்னும் படுக்கும் முன்னும் பாருங்கள்.

அளவை டாக்டர் எழுதுவார். கணக்கு உங்களுக்கும் தெரிந்திருந்தால் பிழை பிடிபடும். கடைசி 6 மணி நேரத்தில் 9 யூனிட் போயிருந்தால் ஒரு நாளுக்கு 36. அதில் முக்கால் பங்கு 27. அதில் ஏறக்குறைய பாதி நீண்ட நேர இன்சுலின், மீதி மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு. சீட்டில் நீண்ட நேர இன்சுலின் 40 என்று எழுதியிருந்தால், போடுவதற்கு முன் போன் செய்யுங்கள்.

## ஷிஃப்ட் மாறும்போது சொல்ல வேண்டியவை

1. கடைசி மூன்று எண்கள், நேரத்தோடு. ஒரு எண் மட்டும் சொன்னால் ஏறுகிறதா இறங்குகிறதா என்று அடுத்தவருக்குத் தெரியாது.
2. மாதிரி எங்கிருந்து எடுத்தது.
3. பம்பின் வேகம், சிரிஞ்ச் கலந்த நேரம், எந்தக் குப்பி.
4. உணவோ டெக்ஸ்ட்ரோஸோ எவ்வளவு ஓடுகிறது, அடுத்த சில மணியில் ஸ்கேனோ தியேட்டரோ உண்டா.

வாசலில் நிற்கும் மகனுக்கு இப்படிச் சொல்லுங்கள்: "வீட்டுல அம்மாவுக்குச் சர்க்கரை இறங்கினா அவங்களே சொல்லுவாங்க தம்பி. இப்ப அவங்களால சொல்ல முடியாது. அதனால கொஞ்சம் மேலயே வெச்சு, மணிக்கு மணி நாங்க பார்க்கிறோம். வார்டுக்கு வந்து சாப்பிட ஆரம்பிச்சதும் வீட்டுக் கணக்கு எப்ப திரும்பும்னு டாக்டர் சொல்லுவார்."